“யாரைப் பார்த்துப் பேசறீங்க?”: காவேரிப்பட்டணத்தில் இருவர் பேசும் வீடியோ பாட்காஸ்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரி பக்கத்தில் பன்னிரண்டு வருடமாகக் கல்யாண வீடியோ எடுத்து வருகிறேன். போன பொங்கல் முடிந்த வாரம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். அறுபது வயதைத் தாண்டியவர், மாந்தோப்பு வைத்திருப்பவர், பெங்களூரா, செந்தூரா, நீலம் மூன்றும் உண்டு. பக்கத்துத் தோப்புக்காரருடைய மகள் வேளாண்மை படித்துவிட்டு ஒட்டுக்கன்று நர்சரி நடத்துகிறார். இருவரும் சேர்ந்து மா சாகுபடி பற்றி வாரம் ஒரு முறை பேசி வெளியிட வேண்டும், வெறும் ஒலியாக இல்லாமல் முகம் தெரிய வேண்டும், சீசன் தொடங்கும் முன் ஐந்தாறு பகுதிகளாவது வந்துவிட வேண்டும் என்றார்கள்.

விருந்தினர் யாரும் கிடையாது. இரண்டு பேரும் தொகுப்பாளர்கள்தான், இருவரும் கேட்பார்கள், இருவரும் பதில் சொல்வார்கள். இந்த ஒரு விஷயம் எவ்வளவு பெரியது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஒருவர் கேட்டு இன்னொருவர் சொல்லும் பேட்டி என்றால் கேமரா யார் பக்கம் சாய வேண்டும் என்பது தெளிவாக இருக்கும். இங்கே இருவருக்கும் சம இடம் தர வேண்டும், ஒருவரின் முகம் பெரிதாகவோ வெளிச்சமாகவோ அமைந்துவிட்டால் பார்ப்பவர் அவரையே தலைவராக எடுத்துக்கொள்வார்.

கையில் இருந்தவை: என்னுடைய இரண்டு மிரர்லெஸ் கேமரா, இரண்டுக்கும் 50 மி.மீ. லென்ஸ், அந்தப் பெண்ணின் செல்போன், 60 வாட் எல்இடி விளக்கு இரண்டு, அவற்றுக்கு சாஃப்ட்பாக்ஸ், சட்டையில் குத்தும் மைக் இரண்டு. இடம் பெரியவர் வீட்டு மாடி அறை, நீளம் 14 அடி, அகலம் 11 அடி. ஒரு நீளச் சுவரில் கதவு, எதிர்ச் சுவரில் மேற்குப் பார்த்த ஜன்னல், கதவோரம் வலது மூலையில் ஒரு பெரிய பீரோ. இரண்டு குட்டைச் சுவர்களிலும் ஏழடி உயரத்தில் லாஃப்ட். இந்த அளவுகள் பின்னால் தேவைப்படும், அதனால்தான் சொல்கிறேன்.

முதல் ஒத்திகை

ஒரு ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஆரம்பித்தோம். அறையின் நீளவாக்கில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டேன். கதவுப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடது பக்கம் அந்தப் பெண், வலது பக்கம் பெரியவர். கதவுப் பக்கம் நடுவில் செல்போனை வைத்தேன், அதில் இருவரும் சேர்ந்து தெரிவார்கள். அதன் இடப்பக்கம் பெரியவரைப் பார்த்து ஒரு கேமரா. பெண்ணைப் பார்க்கும் கேமராவை வலப்பக்கம் வைக்க வேண்டும், ஆனால் அங்கே பீரோ நிற்கிறது. சரி, ஜன்னல் பக்கம் இடம் காலியாக இருக்கிறதே, ஜன்னல் வெளிச்சமும் அவர் முகத்தில் நன்றாக விழும் என்று அந்த கேமராவை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஒவ்வொரு கேமராவிலும் தனித்தனியாகப் பார்த்தபோது எல்லாமே அழகாகத்தான் இருந்தன.

வீட்டுக்குப் போய் எடிட் செய்து மறுநாள் கொண்டு வந்து காட்டினேன். பெரியவரின் மனைவி டிவி முன்னால் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பார்த்தார், அப்புறம் கேட்டார்: “ரெண்டு பேரும் யாரைப் பார்த்துப் பேசறீங்க? அந்தப் பக்கம் வேற யாராவது உட்கார்ந்திருந்தாங்களா?”

அவர் சொன்னது அப்படியே சரி. பேசும் இருவரின் மூக்குக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு நூலைக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா கேமராக்களும் அந்த நூலுக்கு ஒரே பக்கத்தில் இருந்தால், இடது பக்கம் உட்கார்ந்தவர் திரையில் எப்போதும் வலது பார்த்துப் பேசுவார், வலது பக்கம் உட்கார்ந்தவர் இடது பார்த்துப் பேசுவார். இரண்டு தனிப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டினாலும் பார்வைகள் சந்திக்கும். நான் ஒரு கேமராவை நூலுக்கு அந்தப் பக்கம் வைத்ததால் பெண்ணும் இடது பக்கம் பார்க்கிறார், பெரியவரும் இடது பக்கம் பார்க்கிறார். சேர்ந்து தெரியும் படத்தில் எதிரெதிரே இருப்பவர்கள், தனிப் படங்களுக்கு வந்ததும் ஒரே பேருந்தில் முன்சீட்டும் பின்சீட்டுமாக உட்கார்ந்தவர்கள் போல ஆகிவிடுகிறார்கள். இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்பதை எல்லா ஒளிப்பதிவாளர்களும் படித்திருப்பார்கள், நானும் படித்திருக்கிறேன். கல்யாண வேலையில் மேடையே ஒரு பக்கம்தான் திறந்திருக்கும் என்பதால் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை.

அந்த வீடியோவில் வேறு மூன்று குறைகளும் இருந்தன.

முதலாவது, நிறம். பெண்ணுக்கு ஜன்னல் வெளிச்சம், பெரியவருக்கு டியூப் லைட். நாலு மணிக்கு நீலம் கலந்து வந்த ஜன்னல் வெளிச்சம் ஐந்தரை மணிக்கு மஞ்சளாகி, அப்புறம் குறைந்துகொண்டே போனது. கடைசி இருபது நிமிடத்தில் பெண்ணின் முகம் படத்துக்குப் படம் இருட்டிக்கொண்டு போகிறது. பெரியவரின் படத்திலோ பின்னால் ஜன்னல், முகம் மங்கல். செல்போன் தானாக நிறத்தைச் சரி செய்துகொண்டே இருந்ததால் அதில் சுவர் ஒரு நேரம் வெள்ளை, ஒரு நேரம் இளஞ்சிவப்பு.

இரண்டாவது, செல்போன் படத்தில் பட்டை பட்டையாக ஒரு நிழல் மேலிருந்து கீழே நகர்ந்துகொண்டிருந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் வினாடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. கேமராவில் ஷட்டர் 1/50 வினாடி என்று வைத்தால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் சரியாக இரண்டு துடிப்பு அடங்கும், படம் அமைதியாக இருக்கும். செல்போன் பெரும்பாலும் வினாடிக்கு 30 படம் எடுக்கும், ஷட்டரையும் தானே மாற்றும், அதில் துடிப்புகள் முழுதாக அடங்காமல் மீதி பட்டையாக வந்து நிற்கும்.

மூன்றாவது, என் கேமராக்களில் ஒன்று பழையது, 29 நிமிடம் 59 வினாடி ஆனதும் தானாக நின்றுவிடும். நின்றதை யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு பெரியவர் பேசிய பன்னிரண்டு நிமிடத்துக்குத் தனிப் படமே இல்லை.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

முதலில் பீரோவை நகர்த்தினோம். நாலு பேர் சேர்ந்து பக்கத்து அறைக்குத் தள்ள முக்கால் மணி நேரம் ஆனது, ஆனால் மற்ற எல்லா முடிவுகளும் அந்த மூலை காலியானதால்தான் சாத்தியமாயின. பெண்ணும் பெரியவரும் உட்காரும் கோட்டை நடு அறையிலிருந்து ஜன்னல் பக்கம் தள்ளினோம். கோட்டுக்குப் பின்னால் மூன்றரை அடி, முன்னால் ஏழரை அடி. மூன்று கேமராக்களும் இனி அந்த ஏழரை அடிக்குள்தான்.

நாற்காலிகளை நேருக்கு நேர் போடுவதையும் விட்டோம். நேருக்கு நேர் உட்கார்ந்தால் கேமராவுக்குப் பாதி முகம்தான் கிடைக்கும். இரண்டு நாற்காலிகளையும் கதவுப் பக்கம் கொஞ்சம் திருப்பி, திண்ணையில் இரண்டு பேர் சாய்வாக உட்கார்ந்து பேசுவார்களே, அந்தக் கோணத்தில் வைத்தோம். இரண்டு தலைகளுக்கும் நடுவே நாலரை அடி. வலது பக்கம் உட்கார்ந்த பெரியவரை இடது பக்க கேமரா எடுக்கும், இடது பக்கம் உட்கார்ந்த பெண்ணை வலது பக்க கேமரா எடுக்கும், அதாவது கேமராக்களின் பார்வை குறுக்கே வெட்டிக்கொள்ளும். எதிரில் இருப்பவரின் தோளுக்குப் பக்கத்தில் கேமரா இருப்பதால் பேசுபவரின் இரண்டு கண்ணும் தெரியும், அதே சமயம் அவர் கேமராவைப் பார்க்காமல் கூட இருப்பவரைப் பார்க்கிறார் என்பதும் தெரியும்.

இரண்டு தனிப் படங்களிலும் தலை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதைக் கறாராகப் பிடித்துக்கொண்டோம். லென்ஸ் ஒன்றேதான், ஆகவே தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். டேப் பிடித்து அளந்து இரண்டு கேமராவையும் மூக்கிலிருந்து ஏழரை அடியில் வைத்தேன். உயரம் அவரவர் கண் உயரம். பெண் பெரியவரைவிட அரை அடி குள்ளம், இரண்டு கேமராவும் ஒரே உயரத்தில் இருந்தால் பெண்ணை மட்டும் மேலிருந்து பார்ப்பது போல ஆகும், அதனால் அவர் நாற்காலியில் ஒரு தலையணை வைத்தோம். கேமரா ஸ்டாண்டின் கால்கள் நின்ற இடத்தில் தரையில் ஒட்டிய டேப்பை இன்றுவரை எடுக்கவில்லை.

செல்போனில் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியைப் போட்டு வினாடிக்கு 25 படம், ஷட்டர் 1/50, நிறத்துக்கான வெள்ளைச் சமன் 5600 கெல்வின் என்று பூட்டிவிட்டோம். மற்ற இரண்டு கேமராக்களிலும் அதே எண்கள். தானாக மாறும் எதுவும் எந்த கேமராவிலும் இருக்கக்கூடாது என்பது பேச்சு. பதிவை 25 நிமிடத் துண்டுகளாகப் பிரித்தோம். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் மூன்று கேமராவுக்கும் தெரியும்படி அந்தப் பெண் ஒரு முறை கை தட்டுவார், எடிட்டில் அந்தத் தட்டலை வைத்து மூன்றையும் ஒன்றாக அடுக்கிவிடலாம். கேமரா நிற்கும் முன்பே நாம் நிறுத்திவிடுகிறோம், பெரியவருக்கும் தண்ணீர் குடிக்க நேரம் கிடைக்கிறது.

வெள்ளைச் சட்டையும் கறுப்புச் சார்ட்டும்

ஜன்னலை ஜமுக்காளம் போட்டு மூடினோம். டியூப் லைட்டை அணைத்தோம். இனி அறைக்குள் எங்கள் இரண்டு விளக்கு தவிர வேறு வெளிச்சம் கிடையாது.

இரண்டு விளக்கை வைத்து இரண்டு பேருக்கு ஒளி அமைக்கப் பழைய வழி ஒன்று உண்டு. இடது கோடியில் இருக்கும் விளக்கு வலது பக்கம் இருப்பவரின் முகத்துக்கு, வலது கோடி விளக்கு இடது பக்கம் இருப்பவரின் முகத்துக்கு. போகிற வழியில் அதே விளக்கு பக்கத்தில் இருப்பவரின் முடியையும் தோளையும் பின்பக்கத்திலிருந்து லேசாகத் தொட்டுப் போகும், அதனால் தலை சுவரோடு ஒட்டிப்போகாமல் பிரிந்து தெரியும். விளக்கு இரண்டு, வேலை நாலு. இந்த அறைக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

வைத்துப் பார்த்ததும் முதல் சிக்கல், விளக்கு ஸ்டாண்டின் கால் தனிப் படத்தில் தெரிந்தது. கேமராக்கள் குறுக்கே பார்ப்பதால் பெரியவருக்குப் பின்னால் தெரிவதே அந்த மூலைதான். ஸ்டாண்டைத் தூக்கிவிட்டு லாஃப்ட் விளிம்பில் கிளாம்ப் போட்டு விளக்கைத் தொங்கவிட்டோம். ஏழடி உயரத்தில் இருப்பதால் எந்தப் படத்திலும் வராது.

இரண்டாவது சிக்கல்தான் எங்களுடைய ஒரு முழு மாலையைத் தின்றது. பெரியவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி தவிர வேறு எதுவும் உடுத்தமாட்டார். வலது கோடி விளக்கு பெண்ணின் முகத்துக்கு எட்டரை அடி தூரத்தில் இருக்கிறது, பெரியவரின் தோளுக்கோ நாலடிதான். விளக்கின் தூரம் பாதியானால் வெளிச்சம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். அப்படியானால் பெண்ணின் முகத்துக்கு எவ்வளவு ஒளி வேண்டுமோ அதைவிட நாலு மடங்குக்கு மேல் பெரியவரின் தோளில் விழுகிறது, அதுவும் வெள்ளைத் துணியில். அவர் முகம் மாந்தோப்பு வெயிலில் கறுத்த முகம், அதற்கு ஏற்றபடி கேமராவைத் திறந்தால் தோளில் துணியின் மடிப்பே தெரியாமல் வெறும் வெள்ளையாக எரிந்துவிடுகிறது. சட்டையைக் காப்பாற்றக் கேமராவை மூடினால் முகம் கரியாகிறது.

“ஒரு நாளைக்குக் கலர் சட்டை போடுங்க மாமா” என்று பெண் கேட்டார். “தோப்புக்கும் இதுதான், கல்யாணத்துக்கும் இதுதான், எதுக்கும்மா மாத்தணும்?” என்றார் பெரியவர். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவரைப் பார்க்கப்போகிற விவசாயிகளுக்கு அவர் அப்படித்தான் தெரிய வேண்டும்.

தீர்வு கடையில் பத்து, பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கும் கறுப்புச் சார்ட் பேப்பர். வலது விளக்கின் சாஃப்ட்பாக்ஸ் அடிப்பாகத்தில், துணி காயப்போடும் கிளிப் நாலைக் குத்தி, சார்ட்டை ஒரு நாக்கு போல முன்னால் ஓர் அடி நீட்டினோம். அடியில் இருக்கும் பெரியவரின் தோளுக்குப் போகும் ஒளியை அது மறைக்கும், தாண்டிப் பெண்ணின் முகத்துக்குப் போகும் ஒளி மேலாக அப்படியே போகும். பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, கேமராத் திரையில் வெளிச்சம் மீறிய இடத்தில் ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டே நான் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று சொல்ல, பெரியவரின் பேரன் சார்ட்டின் முனையை மேலே தூக்கிக்கொண்டே வந்தான். தோளில் ஓடிய வரிகள் மெல்லக் குறுகி, காலர் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வந்து நின்றன. அப்போது சட்டையின் தையல் தெரிந்தது. அந்த விரல் அகல ஒளியை வேண்டுமென்றே விட்டோம், அதுதான் அவரைப் பின்சுவரிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. இடது விளக்கிலும் இதே போல ஒரு சார்ட், ஆனால் சிறியது. பெண்ணின் கறுப்புக் கூந்தலுக்கு ஒளி கொஞ்சம் கூடவே தேவைப்பட்டது.

வெட்டுவதில் நடந்தது

பிப்ரவரியில் முதல் பகுதியைப் பதிவு செய்தோம். படம் மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றன, பார்வைகள் சந்தித்தன. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் மூன்றையும் அடுக்கி, யார் பேசுகிறார்களோ அவரைக் காட்டு என்று வெட்டிக்கொண்டே போனேன். பார்த்தால் படபடவென்று இருக்கிறது. ஏன் என்று கண்டுபிடிக்க ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்.

நம் பேச்சில் கேட்பவர் சும்மா இருப்பதில்லை. ‘ம்’, ‘சரி’, ‘ஆமாங்க’, ‘அப்படியா’ என்று இரண்டு சொல்லுக்கு ஒரு முறை கொட்டிக்கொண்டே இருப்பார். அது பேச்சின் தாளம். நான் ஒவ்வொரு ‘ம்’முக்கும் கேட்பவரைக் காட்டியிருந்தேன். மைக்கின் ஒலி அளவைப் பார்த்துத் தானாக ஆளை மாற்றும் வசதியை முயன்றபோது இன்னும் மோசம், பெரியவர் தொண்டையைச் செருமினால்கூட அவர் முகம் வந்து நின்றது. அதனால் முதல் விதி: கேட்பவர் குறைந்தது ஒரு முழு வாக்கியம் பேசினால்தான் அவரிடம் போவது. அவர் முகத்தில் ஏதாவது நடந்தால், புருவம் உயர்ந்தாலோ சிரிப்பு வந்தாலோ, போகலாம். ‘ம்’ காதுக்குக் கேட்டால் போதும்.

இரண்டாவது, வினைச்சொல். தமிழில் வாக்கியத்தின் முடிச்சு கடைசியில்தான் விழுகிறது. ‘அந்த மருந்தை நான் என் தோப்பில் ரெண்டு வருஷமா…’ என்று ஒருவர் சொல்லிக்கொண்டு வரும்போது, ‘அடிக்கிறேன்’ என்று முடிப்பாரா ‘அடிக்கிறதே இல்ல’ என்று முடிப்பாரா என்பது கடைசிச் சொல் வரும்வரை தெரியாது. கேட்பவரின் முகம் மாறுவதும் அந்தச் சொல்லில்தான். நான் வாக்கியத்தின் நடுவே கேட்பவரைக் காட்டிவிட்டு, வினைச்சொல் வரும்போது பேசுபவரிடம் திரும்பியிருந்தேன், சரியாகத் தலைகீழ். இப்போது சொல்பவரிடமே காத்திருந்து, வினைச்சொல்லின் முதல் அசை விழும்போது கேட்பவரிடம் போகிறேன், அல்லது போகாமலே இருக்கிறேன்.

கேள்விக்கு மட்டும் இது வேறு மாதிரி. ஓர் இடத்தில் பெண் கேட்கிறார்: “பூ முடிஞ்சு மரத்துக்கு முதல் தண்ணி எப்ப மாமா விடணும்?” முதல் வெட்டில் கேள்வி முழுவதும் பெண்ணின் முகம், கேள்வி முடிந்து ஒரு மூச்சு விட்டுப் பெரியவர் முகம், “காய் பட்டாணி அளவுக்கு வந்த அப்புறம்தான்.” தப்பு எதுவும் இல்லாதது போலத்தான் இருந்தது. ஆனால் கேமராவில் இருந்த முழுப் பதிவைப் பார்த்தால், ‘எப்ப’ என்ற சொல் காதில் விழுந்ததுமே பெரியவரின் வலது கை மேலே வருகிறது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பட்டாணி அளவைக் காட்டுகின்றன, அதற்கு அப்புறம்தான் வாய் திறக்கிறது. பதிலை அவர் கை முதலில் சொல்லிவிட்டது, நான் அதை வெட்டி எறிந்திருந்தேன். இப்போது ‘எப்ப’வில் படத்தை மாற்றுகிறேன். ‘மாமா விடணும்’ என்ற சொற்கள் பெண்ணின் குரலில் பெரியவரின் முகத்து மேல் ஓடும், கை எழும், பதில் வரும். குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது என்று ஒரு வினாடி நீள்கிற இந்த வெட்டில்தான் இருவர் பேச்சு பேச்சாகத் தெரிகிறது.

இருவரும் சேர்ந்து தெரியும் படத்தை மூன்று இடத்தில் மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு தலைப்பு முடிந்து அடுத்தது தொடங்கும்போது, இருவரும் ஒரே நேரத்தில் பேசும்போது, பெரியவர் மரத்தின் உயரத்தைக் காட்ட இரண்டு கையையும் விரிக்கும்போது. முதல் பகுதியின் 24 நிமிடத்தில் என் முதல் வெட்டில் இருநூற்றுக்கும் மேல் மாற்றங்கள் இருந்தன, திருத்திய வெட்டில் எழுபத்து சொச்சம்.

மூன்றாம் பகுதியில் ஒரு தவறு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் பகுதியில் பூப்பிடிக்க வேரில் ஊற்றும் மருந்து பற்றிப் பேச்சு. பெரியவர் தான் ஊற்றும் முறையைச் சொல்கிறார், நடுவில் ஒரு சொந்தக்காரர் கதைக்குப் போய் இரண்டு நிமிடம் கழித்துத் திரும்புகிறார். அந்த இரண்டு நிமிடத்தை எடுத்துவிட்டேன். எடுத்த இடத்தில் அவர் தலை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் குதித்தது. குதிப்பை மறைக்க, வேறோர் இடத்திலிருந்து பெண் தலையாட்டும் மூன்று வினாடியை எடுத்து நடுவில் வைத்தேன். எல்லா எடிட்டர்களும் செய்வதுதான்.

வெளியிட்ட அன்று மாலை அந்தப் பெண் போன் செய்தார். “அண்ணா, அந்த இடத்துல நான் தலையாட்டவே இல்லையே. வருஷா வருஷம் ஊத்தக்கூடாது, மரத்தோட வயசும் பார்க்கணும்னுதான் நான் நினைக்கிறேன், அடுத்த நிமிஷமே அதைச் சொல்லவும் செய்யறேன். முதல்ல தலையாட்டிட்டு அப்புறம் மறுக்கற மாதிரி இருக்குது.” பதிவைத் திறந்து பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு மடியில் இருந்த குறிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விவசாயிகள் அந்தத் தலையாட்டலைப் பார்த்து, படித்த பெண்ணும் ஒப்புக்கொண்டார் என்று மருந்து வாங்கப் போகலாம். அந்தப் பகுதியை அன்றிரவே எடுத்துவிட்டு, வேறு வெட்டுடன் மறுநாள் ஏற்றினோம். அதிலிருந்து கேட்பவரின் முகம் எந்த வினாடியில் பதிவானதோ அந்த வினாடியில்தான் வரும், இடம் மாற்றி வைப்பதில்லை. பேச்சை நீக்கினால் அந்த இடத்தில் சேர்ந்து தெரியும் படத்துக்குப் போகிறேன், அதில் உருவம் சிறியது என்பதால் குதிப்பு உறுத்துவதில்லை. அதுவும் ஒட்டாவிட்டால் மரத்தின் படம் ஒன்றை மேலே வைக்கிறேன்.

விளைவு

ஏப்ரல் முடிவதற்குள் ஆறு பகுதிகள் வெளியாயின. முதல் பகுதியை எடிட் செய்ய எனக்கு ஒன்பது மணி நேரம் பிடித்தது, ஆறாவதுக்கு நாலு. வெளிச்சமும் நிறமும் மாறாததால் நிறத்திருத்தம் பத்து நிமிடத்தில் முடிகிறது, முன்பு செய்ததை அப்படியே ஒட்டிவிடலாம். விளக்கும் சார்ட்டும் லாஃப்டிலேயே இருக்கின்றன, டேப் தரையில் இருக்கிறது, நான் போகாத ஒரு வாரம் பேரனே எல்லாவற்றையும் அமைத்துப் பதிவு செய்தான், வித்தியாசம் தெரியவில்லை. வீடியோவின் கீழே வரும் கேள்விகள் எல்லாம் தத்துப்பூச்சி பற்றியும் காய் உதிர்வது பற்றியும்தான். பெரியவரின் மனைவி ஆறு பகுதியையும் பார்த்தார், யாரைப் பார்க்கிறார்கள் என்று மறுபடி கேட்கவில்லை.

தீராதவையும் உண்டு. செல்போன் படம் 25 நிமிடத்துக்குள் ஓரிரு படம் பின்தங்குகிறது, ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு முறை வெட்டி உதட்டோடு சேர்க்க வேண்டியிருக்கிறது. மின்வெட்டு வந்து இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் விளக்கு ஒரு முறை சிமிட்டுகிறது. அந்த வாக்கியத்தை மறுபடி பேசச் சொல்வதைத் தவிர வழியில்லை. விளக்குகள் ஏழடி உயரத்தில் இருப்பதால் பெரியவர் குனிந்து பேசும்போது கண்ணில் நிழல் விழுகிறது. மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துவைத்தோம், அதில் பட்டுத் திரும்பும் ஒளி கொஞ்சம் உதவுகிறது, போதவில்லை.

மறுபடி செய்தால்

பீரோவைத்தான் முதலில் பார்ப்பேன். கேமராவை எங்கே வைக்கலாம் என்று யோசிக்கும் முன், அறையில் எதை வெளியே எடுக்கலாம் என்று பார்த்து, கோட்டைத் தரையில் சாக்பீஸால் போட்டுவிடுவேன். முதல் ஒத்திகையே தேவைப்பட்டிருக்காது.

நாற்காலியை மாற்றுவேன். பெரியவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி கொடுத்திருந்தோம், பேச்சு சூடானால் அவர் காலால் உந்தி முன்னால் வருவார், இருபது நிமிடத்தில் ஓரடி நகர்ந்திருப்பார். தலை பெரிதாகிறது, சார்ட்டின் நிழலிலிருந்து தோள் வெளியே வந்து மறுபடி எரிகிறது. நாலு பகுதிகள் வரை காரணம் தெரியாமல் விளக்கையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதில் மர நாற்காலி போட்டோம், அதோடு சரியானது.

மூன்றாவது கேமராவாகச் செல்போனுக்குப் பதில் இன்னொரு மிரர்லெஸ் வாங்கலாமா என்று பெரியவர் கேட்டிருக்கிறார். பெங்களூரா அறுவடை முடிந்து கூழ் ஆலையிலிருந்து பணம் வந்ததும் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தில் மட்டும் இல்லாமல், முடிவிலும் ஒரு முறை கை தட்டச் சொல்லியிருக்கிறேன்.